பக்கத்து ஆலைக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலை நடத்துகிறவர்களுக்கு வருமானம் தரும் மாதங்கள் குறைவு. மே மாதத்தில் வரத்து சூடுபிடித்தால் ஜூலை முடிவதற்குள் பெங்களூரா வகைப் பழத்தின் பெரும்பகுதி கூழாகி டப்பாவிலோ டிரம்மிலோ அடைந்திருக்க வேண்டும். மீதி மாதங்களில் பாய்லர் குளிர்ந்து கிடக்கும். வங்கி வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட தொழிலில், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்ட ஒரு சிறு ஆலை முதலாளி கடையைக் கட்ட நினைப்பதும், சற்றுப் பெரிய ஆலைக்காரர் அதை வாங்க நினைப்பதும் இயல்பான செய்திகள்தாம். விலை பேசும்போது வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலத்துக்கு ஒரு தொகை, இயந்திரத்துக்கு ஒரு தொகை, பெயருக்காக மேலே ஒரு தொகை என்று மூன்றையும் கூட்டி, அதன்பின் தரகர் இரு பக்கமும் பேசி நடுவில் எங்கோ முடித்துவைப்பார். இந்த முறையில் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி எழுவதேயில்லை: இதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் எனக்கு நட்டம் என்ற எல்லை எங்கே இருக்கிறது?

அந்த எல்லையைக் கண்டுபிடிக்க, ஆலை வாங்குவதை ஒரு புதிய பாய்லர் வாங்குவதைப் போன்ற முதலீட்டுத் திட்டமாகவே நடத்த வேண்டும். இன்று கையிலிருந்து ஒரு தொகை போகிறது. இனி வரும் ஆண்டுகளில் அதனால் கூடுதலாகப் பணம் வருகிறது. வரப்போகும் பணத்தை அதன் இடர்ப்பாட்டுக்கு ஏற்ற வீதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, போகும் தொகையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் சமமாகும் இடத்தில் உள்ள விலையே உச்ச விலை. அந்த விலையில் வாங்குகிறவருக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சொல்ல எளிதாக இருக்கும் இந்தக் கணக்கில் தவறு நேர்வது பெரும்பாலும் "கூடுதலாக" என்ற சொல்லுக்குள்தான். ஆகவே ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம். இதில் வரும் இரண்டு ஆலைகளும் அவற்றின் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை.

வாங்குகிறவர் காவேரிப்பட்டணம் சாலையில் ஆண்டுக்கு 10,000 டன் கூழ் எடுத்து, கிருமிநீக்கப் பைகளில் நிரப்பி, 215 கிலோ டிரம்களில் ஏற்றுமதி செய்கிறார். விற்கிறவரின் ஆலை பர்கூர்ப் பக்கம் இருக்கிறது. ஆண்டுக்கு 2,500 டன் கூழை 3.1 கிலோ தகர டப்பாக்களில் அடைத்து உள்நாட்டு வியாபாரிகளுக்கு அனுப்புகிறது. குடும்பத்தினர் மட்டும் பங்கு வைத்திருக்கும் தனியார் நிறுவனம்.

தனியாக நின்றால் என்ன மதிப்பு

முதலில், இந்த ஆலை யார் கைக்கும் மாறாமல் இப்போதிருப்பதுபோலவே ஓடினால் என்ன மதிப்பு பெறும் என்று பார்க்க வேண்டும். வாங்குகிறவரின் திட்டங்கள் எதுவும் இந்தத் தொகைக்குள் நுழையக் கூடாது. விற்கிறவர் இதற்குக் குறைவாகக் கொடுக்கமாட்டார் என்பதால் பேரத்தின் அடித்தளமும் இதுதான்.

கணக்குப் புத்தகத்தின்படி வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றுக்கு முந்தைய இலாபம் மூன்று ஆண்டுச் சராசரியில் 1.80 கோடி ரூபாய். ஒரே ஓர் ஆண்டின் இலாபத்தை எடுக்காமல் சராசரியை எடுப்பதற்குக் காரணம் இத்தொழிலின் ஏற்றத்தாழ்வு. 2025 சீசனில் பெங்களூராவின் விலை சரிந்து, தோட்டத்திலேயே பழத்தை விட்டுவிடும் அளவுக்கு விவசாயிகள் நொந்துபோனதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். பழம் மலிவாகக் கிடைத்து, கூழின் விலை இன்னும் இறங்காத ஓர் ஆண்டை மட்டும் காட்டினால் எந்த ஆலையும் பொன் விளையும் பூமியாகத் தெரியும். முந்தைய ஆண்டின் தேங்கிய இருப்போடு தொடங்கிய ஓர் ஆண்டை மட்டும் காட்டினால் அதே ஆலை மூழ்கும் கப்பலாகத் தெரியும்.

சராசரி எடுத்த பிறகும் அந்த 1.80 கோடியை அப்படியே நம்ப முடியாது. முதலாளியும் அவர் தம்பியும் சீசன் முழுவதும் ஆலையிலேயே கிடக்கிறார்கள்; ஆனால் சம்பளமாக எதையும் எழுதவில்லை. அவர்கள் போனபின் ஒரு மேலாளரையும் ஒரு கொள்முதல் அலுவலரையும் அமர்த்த ஆண்டுக்கு 24 லட்சம் ஆகும். லாரிகள் நிற்கும் முற்றம் முதலாளியின் மனைவி பெயரில் இருக்கிறது, வாடகை இல்லை. நாளை அதற்கு 6 லட்சம் கேட்பார்கள். இரண்டையும் கழித்தால் உண்மையான இலாபம் 1.50 கோடி. இந்த 30 லட்சத்தைக் கழிக்க மறந்தால் ஆலையின் மதிப்பில் சுமார் 1.87 கோடி ரூபாய் பிழை வரும். அது எப்படி என்பது அடுத்த இரண்டு பத்திகளின் கணக்கிலிருந்து விளங்கும்.

1.50 கோடியிலிருந்து தேய்மானம் 34 லட்சத்தைக் கழித்தால் 1.16 கோடி மிஞ்சும். சலுகைகளைக் கைவிட்ட உள்நாட்டு நிறுவனங்களுக்கான 22 விழுக்காடு வரி, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 விழுக்காடாகிறது, அந்த வீதத்தில் வரி சுமார் 29 லட்சம். வரி போக 87 லட்சம். தேய்மானம் கையை விட்டுப் போகாத செலவுதான் என்றாலும், கூழ் எடுக்கும் பழைய பல்ப்பரையும் பாய்லர் குழாய்களையும் மாற்ற ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே 34 லட்சம் தேவைப்படும் என்று கொள்கிறேன். எனவே இரண்டும் சரிக்குச் சரி. அடுத்தது நடைமுறை மூலதனம். பழத்துக்கு மூன்று மாதத்தில் பணம் கொடுத்துவிட்டு, கூழை ஆண்டு முழுவதும் விற்கிற தொழில் இது. சராசரியாக 3.75 கோடி ரூபாய் சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் முடங்கியிருக்கிறது. வியாபாரம் ஆண்டுக்கு 4 விழுக்காடு வளர்ந்தால் இந்த முடக்கமும் 15 லட்சம் கூடும். 87-இல் 15 போக, முதலாளி எடுத்துச் செல்லக்கூடிய பணம் 72 லட்சம்.

இந்த 72 லட்சம் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடிக்கொண்டே வரும் என்றும், இத்தகைய சிறு ஆலையின் இடர்ப்பாட்டுக்கு 16 விழுக்காடு வருவாய் வேண்டும் என்றும் கொண்டால், 72 லட்சத்தை அந்த இரு வீதங்களின் வேறுபாடான 12 விழுக்காட்டால் வகுக்க வேண்டும். விடை 6 கோடி. இது திருத்திய இலாபத்தைப் போல நான்கு மடங்கு என்பதால், சிறு உணவுப் பதப்படுத்தும் ஆலைக்குக் கண்மூடித்தனமான தொகையாக எனக்குத் தோன்றவில்லை.

16 விழுக்காடு ஏன் என்று ஆலைக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். "வங்கி எனக்குப் பத்து விழுக்காட்டில் கடன் தருகிறதே, பத்தைப் போட்டால் என்ன?" என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். பத்தைப் போட்டால் வகுக்கும் எண் 6 விழுக்காடாகச் சுருங்கி, அதே ஆலையின் மதிப்பு 12 கோடியாக இரட்டித்துவிடும். ஆலையில் ஒரு ஆணிகூட மாறவில்லை, மதிப்பு மட்டும் இரண்டு மடங்கு. வங்கி பத்து விழுக்காட்டில் கொடுப்பது வாங்குகிறவருடைய பழைய ஆலையையும் நிலத்தையும் அடமானமாகப் பிடித்துக்கொண்டுதான். அந்த மலிவு அவருடைய சொந்தச் சொத்து ஈட்டித் தந்தது. அதைப் பர்கூர் ஆலையின் கணக்கில் எழுதினால் தன் பணத்தை எடுத்து விற்கிறவர் பையில் போடுவதாகிவிடும். தள்ளுபடி வீதம் வாங்கப்படும் ஆலையின் வரவு எவ்வளவு ஆடக்கூடியது என்பதைப் பொறுத்தது. பணம் எங்கிருந்து புரட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது அன்று.

இத்தனையும் விற்கிறவர் சொல்லும் 2,500 டன் உண்மை என்ற அடிப்படையில் நிற்கிறது. அதைச் சரிபார்க்க விற்பனைப் பட்டியலைவிடக் காலி டப்பா வாங்கிய பட்டியல் நல்ல சாட்சி. டப்பாவுக்கு 3.1 கிலோ என்றால் 2,500 டன்னுக்குச் சுமார் 8,06,000 டப்பா வேண்டும். தகர டப்பா வாங்கிய ரசீதுகளின் கூட்டுத்தொகை 6,50,000 என்று காட்டினால் ஆலை நிரப்பியது ஏறக்குறைய 2,015 டன்தான். மின்கட்டண அட்டையும் பாய்லருக்கு வாங்கிய விறகின் எடையும் அதே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிடங்கில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, அடி வரிசை டப்பாக்களின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் நல்லது. உள்ளே புளித்து வாயு உண்டான டப்பா உப்பி நிற்கும், அழுத்தினால் திரும்ப எழும்பும். இருப்புக் கணக்கில் அது முழு விலைக்கு எழுதப்பட்டிருக்கலாம். உண்மையில் அது குப்பைக்குப் போக வேண்டிய சரக்கு.

நிலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆலை நிற்கும் நிலம் இல்லாமல் அந்த 72 லட்சம் வராது. ஆகவே அதன் விலை 6 கோடிக்குள்ளேயே அடங்கிவிட்டது. நிலத்தின் சந்தை விலையை மறுபடியும் மேலே கூட்டுவது ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கொடுப்பது. ஆலைக்குத் தேவைப்படாத காலி மனை தனியாக இருந்தால் அதை மட்டும் கூட்டலாம். இயந்திரங்களைக் கழற்றி விற்று நெடுஞ்சாலையோர நிலத்தையும் விற்றால் 6 கோடிக்கு மேல் கிடைக்குமென்றால், விற்கிறவர் ஆலையாக விற்கமாட்டார். அப்போது பேரமே வேறு. சிப்காட் வளாகத்துக்குள் இருக்கும் ஆலை என்றால் நிலம் 99 ஆண்டுக் குத்தகைதான், சொந்தமன்று. கை மாற்ற சிப்காட்டின் அனுமதியும் வேண்டும்.

இணைப்புப் பலன்

இரண்டு ஆலைகளும் ஒரே கையில் வருவதால் மட்டுமே கிடைக்கும் கூடுதல் பணத்தை இணைப்புப் பலன் என்று குறிப்பிடுகிறேன். 6 கோடிக்கு மேல் ஏதேனும் கொடுப்பதற்கு உள்ள ஒரே நியாயம் இதுதான். தரகர் எழுதிக்கொண்டுவரும் பட்டியலில் நான்கு இனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலுவலகம், ஆய்வகம், ஏற்றுமதிச் சான்றிதழ்கள், தணிக்கை ஆகியவற்றை ஒன்றாக்கினால் ஆண்டுக்கு 20 லட்சம் மிச்சம். சீசன் உச்சத்தில் பெரிய ஆலையின் வாசலில் லாரிகள் காத்துக் கிடந்து பழம் அழுகுவதைத் தவிர்த்தால் 27 லட்சம் மிச்சம். சும்மா கிடக்கும் மாதங்களில் பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளியைக் கூழாக்கினால் 60 லட்சம். பர்கூர்க் கூழில் 800 டன்னைப் பெரிய ஆலையின் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் கூடுதலாக விற்றால் 16 லட்சம். நான்கையும் ஆண்டுதோறும் வளராமல் அதே அளவில் வரும் தொகைகளாகக் கொண்டு 16 விழுக்காட்டால் வகுத்துக் கூட்டினால் 7.69 கோடி வருகிறது. "ஆலை ஆறு, அனுகூலம் ஏழரைக்கு மேல், பத்துக் கோடிக்கு முடித்தால் உங்களுக்கு மூணு கோடிக்கு மேல லாபம்தானே அண்ணே" என்று அவர் முடிப்பார். கூட்டலில் தவறு ஒன்றுமில்லை. உள்ளே போட்ட எண்கள்தாம் ஒவ்வொன்றாக உதிரக்கூடியவை.

தக்காளியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பட்டியலில் பெரியதும் அதுதான். பாலக்கோடு சந்தையில் விலை வீழும் நாட்களில் தக்காளி வாங்கிக் கூழாக்குவது நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் பர்கூர் ஆலை சும்மா கிடக்கும் அதே மாதங்களில் காவேரிப்பட்டணம் சாலையிலுள்ள பெரிய ஆலையும் சும்மாதானே கிடக்கிறது? தக்காளி இலாபகரமானது என்றால் வாங்குகிறவர் அதை நாளைக்கே தன் ஆலையில் தொடங்கலாம். அதற்குப் பர்கூரில் எதையும் வாங்கத் தேவையில்லை. இணைப்பு இல்லாமலேயே கிடைக்கக்கூடிய பணம் இணைப்புப் பலன் ஆகாது. அந்த 60 லட்சம் முழுவதையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறேன். சிறு நிறுவனங்களை வாங்கும் கணக்குகளில் மிக அதிகமான தொகை வீணாவது இந்த ஓரிடத்தில்தான் என்பது என் கருத்து.

அழுகல் மிச்சம் அப்படி அடியோடு தள்ளக்கூடியதன்று. 10,000 டன் கூழுக்குச் சுமார் 18,000 டன் பழம் வேண்டும். உச்சக் கட்டத்தில் திசைதிருப்பிவிட இரண்டாவது ஆலை இருந்தால் மொத்தப் பழத்தில் ஒரு விழுக்காடு, அதாவது 180 டன், அழுகாமல் தப்பும். கிலோ 15 ரூபாய் என்றால் 27 லட்சம். வரி போக 20 லட்சம். முதல் சீசனுக்குள் கொள்முதலை ஒழுங்குபடுத்த முடியாது என்பதால் இரண்டாம் ஆண்டிலிருந்து கிடைக்கும் என்று கொண்டால் இன்றைய மதிப்பு 1.08 கோடி. ஆனால் பழம் கிலோ 5 ரூபாய்க்கு விழும் ஆண்டில் இதே மிச்சம் 9 லட்சமாகச் சுருங்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு. தன் வளாகத்திலேயே ஒரு பழுக்கவைக்கும் கொட்டகையும் கூடுதலாக ஒரு பல்ப்பரும் அமைத்தால் இதே அழுகலைத் தடுக்க முடியாதா? முடியும் என்று ஆலையின் பொறியாளர் சொல்கிறார், தேய்மான வரிச் சலுகை போக நிகரச் செலவு 70 லட்சம் என்றும் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், 70 லட்சத்தில் தீரக்கூடிய ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்காக விற்கிறவருக்கு 1.08 கோடி தருவது அறிவுடைமையாகாது. ஒரு பலனை வேறு வழியில் பெற ஆகும் செலவே அதன் மதிப்புக்கு மேல்வரம்பு. 70 லட்சம் என்று எழுதிக்கொள்வோம்.

அலுவலகச் செலவு மிச்சம் நான்கிலும் நம்பத் தகுந்தது. இரண்டு ஆய்வகம் எதற்கு, இரண்டு கணக்கர் எதற்கு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வாங்குகிறவரே தீர்மானித்து நிறைவேற்றக்கூடியது, வாடிக்கையாளரின் ஒப்புதல் தேவையில்லை. 20 லட்சத்துக்கு வரி போக 15 லட்சம், இரண்டாம் ஆண்டிலிருந்து. இன்றைய மதிப்பு 81 லட்சம்.

கூடுதல் விலைக்கு ஏற்றுமதி செய்வது இதற்கு நேர்மாறானது. கூழ் வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் பர்கூர் ஆலையைத் தானே வந்து தணிக்கை செய்யும்; மருந்து எச்ச அளவுக்கு மாதிரி கேட்கும்; டப்பாவில் அடைக்கும் ஆலை டிரம்முக்கு மாறத் தனிக் கருவி வேண்டும் அல்லது கூழைத் தொட்டி லாரியில் காவேரிப்பட்டணத்துக்கு ஓட்ட வேண்டும். இரண்டு சீசன் பிடிக்கும், அதற்குப் பிறகும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். வரி போக 12 லட்சம் என்பதில் பாதி வாய்ப்பு என்று கொண்டு 6 லட்சத்தை மூன்றாம் ஆண்டிலிருந்து சேர்த்தால் இன்றைய மதிப்பு 28 லட்சம். தரகரின் பட்டியலில் இதே இனம் ஒரு கோடியாக இருந்தது. ஒரு எச்சரிக்கை: நடக்குமா நடக்காதா என்ற ஐயத்தை இங்கே தொகையைப் பாதியாக்கிக் கணக்கில் கொண்டுவந்துவிட்டோம். அதே ஐயத்துக்காகத் தள்ளுபடி வீதத்தையும் ஏற்றினால் ஒரே இடர்ப்பாட்டுக்கு இரண்டு முறை தண்டம் விதித்ததாகும்.

தரகரின் பட்டியலில் ஒருபோதும் வராத ஓர் இனமும் உண்டு. கூழ் வாங்கும் குளிர்பான நிறுவனங்களும் மொத்த வியாபாரிகளும் ஒரே ஆலையை நம்பி இருக்க விரும்பாமல் இரண்டு ஆலைகளிடம் வாங்குவது வழக்கம். அந்த இரண்டும் ஒரே முதலாளியின் கைக்கு வந்துவிட்டால், வாங்கும் அளவில் ஒரு பகுதியைச் சித்தூர்ப் பக்கம் மூன்றாவது ஆலைக்கு மாற்றிவிடுவார்கள். இதனால் வரி போக ஆண்டுக்கு 7 லட்சம் குறையும் என்றால், அதன் இன்றைய மதிப்பு 44 லட்சம். இது முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடும். நன்மைகள் தாமதமாக வருவதும் தீமைகள் உடனே வருவதும் இத்தகைய இணைப்புகளின் இயல்பு.

எல்லாம் சேர்த்தால் 81, 70, 28 ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து 44 போக, 1.35 கோடி. இதைப் பெறுவதற்கான செலவையும் கழிக்க வேண்டும். விலகும் ஊழியர்களுக்கான ஈடு, ஆய்வகத்தை இடம் மாற்றுதல், உரிமங்களைப் புதுப்பித்தல், கணக்கு மென்பொருள், வழக்கறிஞர் செலவு என வரி போக 55 லட்சம் ஆகும் என்று கொள்கிறேன். ஆலையைப் பரிசோதிக்க ஆடிட்டருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட கட்டணத்தை இதில் சேர்க்கக் கூடாது; வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது திரும்பாது. இவ்வளவு செலவு செய்துவிட்டோமே என்பதற்காக வாங்கிவிடுவது எளிதில் விழக்கூடிய பள்ளம். ஆக நிகர இணைப்புப் பலன் 80 லட்சம். தரகர் சொன்ன 7.69 கோடியில் இது பத்தில் ஒரு பங்கை ஒட்டியது.

ஆலையின் மதிப்பும் பங்கின் விலையும்

6 கோடியும் 80 லட்சமும் சேர்ந்து 6.80 கோடி. இது முழு ஆலைக்கு உச்ச மதிப்பு. விற்கிறவர் கையில் எண்ணிக் கொடுக்கும் பணமன்று. நிறுவனத்தின் பங்குகளை வாங்கும்போது அதன் கடன்களும் கூடவே வரும். தவணைக் கடன் 90 லட்சம், சரக்கை ஈடாக வைத்து வங்கியில் எடுத்தும் கட்டியும் சுழலும் சி.சி. கடன் கணக்கில் ஆண்டுச் சராசரியாக 1.60 கோடி, குடும்பத்தார் நிறுவனத்துக்குக் கொடுத்து எழுதி வைத்திருக்கும் கைக்கடன் 30 லட்சம். மொத்தம் 2.80 கோடி. ஐந்தொகைக் குறிப்பில் எங்கோ ஒளிந்திருப்பவையும் உண்டு: ஊழியர்களுக்குச் சேர்ந்துவிட்ட பணிக்கொடை 18 லட்சம், நிலுவையில் இருக்கும் ஒரு வரி வழக்கில் கட்ட வேண்டி வரலாம் என்று வழக்கறிஞர் கணிக்கும் 12 லட்சம். இவற்றையும் கழித்தால் பங்குகளுக்கு உச்ச விலை 3.70 கோடி. இணைப்புப் பலன் எதுவும் இல்லாத அடித்தள விலை இதே முறையில் 2.90 கோடி. பேரம் நடக்க வேண்டியது இந்த 80 லட்ச இடைவெளிக்குள்தான்.

சி.சி. கணக்கின் சராசரியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆகஸ்டில் ஆலை கை மாறினால் கிடங்கு நிறையச் சரக்கும் சி.சி.யில் உச்சக் கடனும் இருக்கும். ஏப்ரலில் மாறினால் இரண்டும் வற்றியிருக்கும். ஆகஸ்டுச் சரக்கைப் பார்த்து மயங்கி விலையை ஏற்றுவதும், ஏப்ரல் கடன் பாக்கியை மட்டும் கழித்து நிறைவடைவதும் ஒரே தவறின் இரு முகங்கள். 3.75 கோடி என்ற இயல்பான நடைமுறை மூலதனத்தை ஒப்பந்தத்தில் எழுதி, கை மாறும் நாளில் இருக்கும் அளவு அதற்குக் கூடினால் விலையில் கூட்டவும் குறைந்தால் கழிக்கவும், கடன் பாக்கியையும் அதே நாளின் நிலவரப்படி கழிக்கவும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பங்குகளாக வாங்காமல் ஆலையை மட்டும் மொத்தமாக எழுதி வாங்கலாமே என்றால், பழைய வழக்குகள் பெரும்பாலும் விற்கிறவரோடு நின்றுவிடும் என்பது நன்மை; நிலத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் அதற்கு மேல் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்பது தீமை. பெயர் மதிப்புக்காகக் கொடுக்கும் தொகைக்கு 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வரித் தேய்மானமும் கிடையாது. பங்குகளாக வாங்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது: இத்தகைய தனியார் நிறுவனத்தில் வாக்குரிமையில் 51 விழுக்காடாவது பழையவர்கள் கையிலேயே இல்லாவிட்டால், முந்தைய ஆண்டுகளின் வியாபார நட்டத்தை இனி வரும் இலாபத்தில் கழிக்க வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. "பழைய நட்டம் இருக்கிறது, வரி மிச்சமாகும்" என்று சொல்லி யாராவது விலை கேட்டால் அந்த இனத்துக்குச் சுழியம் போட்டுவிடலாம்.

எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி

3.70 கோடி கொடுத்தால் வாங்குகிறவர் இரண்டு மூன்று ஆண்டு உழைத்து, ஊழியரைச் சமாளித்து, வங்கியிடம் நின்று, கடைசியில் இணைப்புப் பலன் முழுவதையும் விற்றுப்போனவருக்கே கொடுத்தவராவார். ஆய்வகத்தை ஒன்றாக்குவதும் லாரியைத் திருப்பிவிடுவதும் அவர் செய்யப்போகும் வேலை. அதன் பலனில் பெரும்பகுதி அவரிடம் நிற்க வேண்டும். நடைமுறையில் எவ்வளவு கொடுக்க நேரும் என்பதைத் தீர்மானிப்பது அடுத்த ஆளின் உச்ச விலை. வேறு யாரும் கேட்கவில்லை என்றால் 2.90-க்குச் சற்று மேலே முடியும். சித்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார், அவருக்கு 3.30 வரை தாங்கும் என்றால் அதைத் தாண்ட வேண்டியிருக்கும். இருவரும் ஏலம்போல் ஏற்றிக்கொண்டு போகும்போது ஜெயிப்பவர் பெரும்பாலும் இணைப்புப் பலனை மிகையாக மதிப்பிட்டவராகத்தான் இருப்பார். நிறுவனங்களைக் கையகப்படுத்துவோர் தங்கள் மதிப்பீட்டின் மீது கொள்ளும் அதீத நம்பிக்கையே மிகை விலைக்குக் காரணம் என்று 1986-இல் ரிச்சர்ட் ரோல் என்ற அமெரிக்க நிதியியல் பேராசிரியர் வாதிட்டார். அவர் பேசியது பெரிய நிறுவனங்களைப் பற்றி, என்றாலும் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, கேள்வி கேட்க இயக்குநர் குழு இல்லாமல் வாங்கும் ஆலைக்காரருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆகவே 3.70 என்ற எண்ணை முதல் பேச்சுக்கு முன்பே எழுதி, பேரத்தில் உட்காராத ஒருவரிடம், மனைவியிடமோ ஆடிட்டரிடமோ, கொடுத்துவைப்பது உதவும். புதிய தகவல் கிடைத்தால் அதை மாற்றலாம். எதிராளி ஏற்றிவிட்டார் என்பது ஆலையைப் பற்றிய தகவலன்று.

இவ்வளவுக்குப் பிறகும் 6 கோடியின் உள்ளே ஓர் ஐயம் மிஞ்சுகிறது. பர்கூர் ஆலைக்குப் பழம் வருவது முதலாளியின் முகத்துக்காக. எந்தத் தோட்டக்காரருக்கு பூ விடும் முன்பே முன்பணம் கொடுக்க வேண்டும், எந்த மண்டித் தரகர் காயைக் கல்லால் பழுக்கவைத்து ஏமாற்றுவார் என்பது அவருடைய தலைக்குள் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் இல்லை. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த மாதமே பெங்களூருக்குப் போய்விட்டால் அந்த 72 லட்சத்தில் எவ்வளவு நிற்கும் என்பதைச் சொல்ல முடியாது. போட்டியாக வேறோர் ஆலை திறக்காமலிருக்க எழுதி வாங்கலாம். தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்கும்போது, நியாயமான பரப்பளவுக்குள் இத்தகைய நிபந்தனை செல்லும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு விதிவிலக்குத் தந்திருக்கிறது. ஆனால் போட்டியிடாமல் இருப்பதும் பழம் வரவைப்பதும் வெவ்வேறு.

இதற்கு விலையைக் குறைப்பதைவிட விலையைப் பிரித்துக் கொடுப்பது பொருத்தமான தீர்வு. 3.40 கோடி என்று பேசி, 2.80 கோடியைக் கை மாறும் அன்று கொடுத்து, மீதி 60 லட்சத்தை இரண்டு சீசன் கழித்துக் கொடுப்பதாக எழுதலாம். முதலாளி இரண்டு சீசனும் கொள்முதலில் உடனிருக்க வேண்டும். ஆலைக்கு வந்த பழத்தின் எடை, எடைமேடைச் சீட்டின்படி, ஒப்புக்கொண்ட அளவுக்குக் குறையக் கூடாது. கை மாறுவதற்கு முந்தைய காலத்து வரி வழக்கு எதுவும் 12 லட்சத்தைத் தாண்டினால் அதன் மிகுதியை இதிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். நிபந்தனையை இலாபத்தோடு கட்டாமல் எடையோடு கட்டுவதற்குக் காரணம், ஆலை கை மாறியபின் இலாபத்தை எழுதப்போகிறவர் வாங்கியவர் என்பதால் விற்றவர் அதை நம்பமாட்டார். எடைச்சீட்டை இருவரும் பார்க்க முடியும். இரண்டு ஆண்டு கழித்துக் கொடுக்கும் 60 லட்சத்துக்கு 16 விழுக்காட்டில் இன்றைய மதிப்பு சுமார் 45 லட்சம். ஆக முழுத் தொகையும் கொடுக்க நேர்ந்தாலும் இன்றைய கணக்கில் வாங்குகிறவர் கொடுப்பது 3.25 கோடி, உச்ச விலையான 3.70 கோடிக்கும் அதற்கும் உள்ள 45 லட்சமே இந்தத் திட்டத்தில் அவருக்கு மிஞ்சும் நிகர மதிப்பு. விற்கிறவருக்கோ, தனியாக நடத்தினால் கிடைக்கும் 2.90 கோடியைவிட இது 35 லட்சம் கூடுதல்.